'வயிறு சரியில்ல'ன்னு எழுதாதீங்க... தேர்வு அலுவலகத்துக்கு ஒரு மாணவி எழுதிய ரெண்டாவது கடிதம்!

மூணு மணி நேர செமஸ்டர் எக்ஸாம். ஹால் மூணாவது மாடியில். லேடீஸ் டாய்லெட் தரைத்தளத்தில். கோவையில் பி.காம் இறுதியாண்டு படிக்கும் அந்த மாணவி, எக்ஸாமுக்கு முந்தைய வாரம் இந்தத் தூரத்தை நடந்து பார்த்து, மொபைல் ஸ்டாப்வாட்ச்சில் அளந்திருக்கிறார். நாலு நிமிஷம்.

"என்னால அடக்க முடியறது ரெண்டு நிமிஷம்தான்க்கா" என்கிறார். பெயர் வேண்டாம் என்றதால் இங்கே போடவில்லை.

அவருக்கு இருப்பது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். பெருங்குடலின் உள்சுவர் அழற்சியாகிப் புண்ணாகும் நோய். பல மாதம் அடங்கிக் கிடக்கும், திடீரென்று கிளம்பும். அந்தக் காலத்தை டாக்டர்கள் 'ஃப்ளேர்' என்கிறார்கள். சாதாரணமாக நம் மலக்குடல் ஒரு பை மாதிரி விரிந்துகொடுக்கும். அதனால்தான் 'அப்புறம் போகலாம்' என்று நம்மால் தள்ளிப்போட முடிகிறது. அழற்சி வந்தால் அது விரியாது. கொஞ்சம் சேர்ந்தாலே 'இப்பவே போ' என்று சிக்னல் வரும். உள்ளே ஒன்றுமே இல்லாதபோதும் வரும். ரத்தமும் போகும். கடையில் லூஸ் மோஷன் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு எழுதப் போவதும் சரிப்படாது. தீவிர ஃப்ளேரில் அது ஆபத்திலேயே முடியலாம்.

இதையெல்லாம் சொல்லாமல், 'வயிற்றுக் கோளாறு இருப்பதால் தயவுகூர்ந்து உதவவும்' என்று எழுதியதுதான் அவருடைய முதல் கடிதம். அலுவலகத்தில் இருந்தவர் வாங்கிப் படித்துவிட்டு, "ஏம்மா, வெளியில சாப்பிட்டியா? ரெண்டு நாள்ல சரியாயிடும், போ" என்றாராம். கோபம் வரத்தான் செய்யும். ஆனால், அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய முடியும் என்றும் யோசித்துப் பாருங்கள். ஹாலில் இருக்கைகள் பதிவு எண் வரிசைப்படி போடப்படுகின்றன. வினாத்தாளும் அந்தக் கணக்கில்தான் ஹாலுக்கு எண்ணிப் போகும். ஒரு ஆளை மாற்ற வேண்டுமென்றால் எந்த எண், எந்தத் தேதி, எங்கே என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

ரெண்டாவது கடிதம், துறைத்தலைவர் கையெழுத்தோடு முதல்வர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் போனது. பதிவு எண், தேர்வுத் தேதிகள், பாடக் குறியீடுகள் மேலே. அதற்குக் கீழே இவ்வளவுதான்:

'எனக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் உள்ளது. தற்போது நோய் தீவிரமாக உள்ளதால், உந்துதல் வந்த 2 நிமிடத்துக்குள் கழிவறை செல்ல வேண்டியுள்ளது. ஆகவே, தரைத்தளத்தில் கழிவறைக்கு அருகிலுள்ள ஹாலில், கதவை ஒட்டிய இருக்கை வேண்டுகிறேன். முதல் அரை மணி நேரம் உட்பட, தேவைப்படும்போது பெண் கண்காணிப்பாளர் ஒருவருடன் சென்றுவர அனுமதி வேண்டுகிறேன். கூடுதல் நேரம் கேட்கவில்லை. மருத்துவர் சான்று இணைப்பு.'

கூடுதல் நேரத்தை ஏன் விட்டார்? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் இந்தக் குடல் நோய் இல்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்னை உள்ள ஒருவர், 40 சதவிகிதச் சான்று இல்லாமலேயே, எழுத உதவியாளர் வைத்துக்கொள்ளலாம் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம்தான். ஆனால், அந்த ஃபைல் மேலே போய் வருவதற்குள் எக்ஸாம் முடிந்துவிடும். இருக்கையை மாற்றுவது கல்லூரி அளவிலேயே முடிகிற வேலை.

டாக்டர் சான்றிலும் ஒரு சிக்கல் இருந்தது. முதலில் நோயின் பெயரும் 'ஓய்வு தேவை'யும் மட்டும் இருந்ததாம். ஓய்வு என்று பார்த்தால், 'அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கம்மா' என்றுதான் பதில் வரும். திரும்பப் போய், 'தேர்வு எழுதலாம். ஒரு நாளைக்கு 8 முதல் 10 முறை, அவசரமாகக் கழிவறை செல்ல நேரிடும்' என்று எழுதி வாங்கியிருக்கிறார்.

அனுமதி கிடைத்த கடிதத்தின் நகல் ஹால் கண்காணிப்பாளரிடமும் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். அடிக்கடி எழுந்து போகிறவரைப் பார்த்தால் பறக்கும் படைக்கு 'பிட்' ஞாபகம்தானே வரும்!

அப்படியும் முதல் நாள் ஒன்று விட்டுப்போனது. அந்த டாய்லெட் பூட்டியிருந்தது. எக்ஸாம் நேரத்தில் யாரும் பிட் ஒளித்து வைக்கக் கூடாதென்று பூட்டி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்திருக்கிறார்கள். நல்லவேளையாக, ஒன்பது மணிக்கே போய்ப் பார்த்ததால் திறக்கவைத்தார். குழாயில் தண்ணீர் வருகிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

அன்றைக்கு மூணு முறை போய் வந்தார். மொத்தம் 20 நிமிஷம் போயிற்று.

"கடைசி பத்து மார்க் கேள்வி பாதியில நின்னுடுச்சுக்கா. ஆனா மூணு மணி நேரமும் ஹால்ல பயமில்லாம உக்காந்திருந்தேன்" என்கிறார். அடுத்த பேப்பருக்குப் பத்து மார்க் கேள்விகளை முதலில் எழுதிவிடப் போகிறாராம்.