ஆறு மாதக் குழந்தைக்கு ஏன் நாலு மாதக் கணக்கு?

எல்கடுவத் தோட்டத்துப் பெண் குழந்தை ஒன்று 32 வாரத்திலேயே பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் கிளினிக்கில் படுக்கவைத்து அளந்தால் நீளம் 60.5 சென்ரிமீற்றர். வளர்ச்சி அட்டையில் ஆறு மாதத்துக்கு நேரே புள்ளி வைத்தால், அது 61.2 என்ற கீழ் எல்லைக்கும் கீழே விழும். 'பிள்ளை கட்டை' என்று தாய் கலங்கிப்போவாள்.

ஆனால் 40 வாரத்துக்கு எட்டு வாரம் குறைவு. கருப்பையில் வளர்ந்திருக்க வேண்டிய அந்த இரண்டு மாதத்தைக் கழிக்க வேண்டும். திருத்திய வயது நாலு மாதம். அந்த வயதின் கீழ் எல்லை 57.8, நடு அளவு 62.1. இப்போது பிள்ளை பாதுகாப்பான இடத்தில்தான் இருக்கிறாள். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது. அது பிறந்த நாள் கணக்குப்படியே.

ஈடுகட்டும் வளர்ச்சியில் பெரும்பாலும் தலைச் சுற்றளவு முந்தும், பிறகு எடை, கடைசியாகத்தான் உயரம். பெரும்பகுதி முதல் இரண்டு வருடத்துக்குள் நடக்கும். அதற்குப் பின் இரண்டு மாத வித்தியாசம் சிறிதாகிவிடுவதால் பொதுவாகத் திருத்துவதை நிறுத்துகிறார்கள். வாரக் கணக்குக்கே எடை குறைந்து பிறந்த பிள்ளைகள் மெதுவாக எட்டுவார்கள், சிலர் எட்டுவதேயில்லை.

ஒரு புள்ளியை விடக் கோட்டின் போக்கையே நான் நம்புவேன். திருத்திய வயதில் குறித்தும் கோடு தட்டையானாலோ கீழே சரிந்தாலோ, மருத்துவமாதுவிடம் சொல்லி வைத்தியரிடம் காட்ட வேண்டும்.