திரை சொல்வது ஒன்று, செய்ய வேண்டியது வேறு

கெய்ரோவில் இருக்கும் ஒரு அம்மாவின் ஆண்ட்ராய்டு ஃபோன் ஆங்கிலத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குரோமில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் Your connection is not private என்ற எச்சரிக்கை வருகிறது. யாரோ உங்கள் தகவலைத் திருட முயலலாம் என்று கீழே ஒரு வரி. அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பி, அரபியில் விளக்கச் சொல்கிறார்.

திருட்டு வரியை அப்படியே அரபியாக்கினால் அவர் பயந்து ஃபோனை அணைத்துவிடுவார். மொழிபெயர்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அடியில் பொடி எழுத்தில் உள்ள NET::ERR_CERT_DATE_INVALID என்ற குறியீட்டை. ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. ஃபோன் அவற்றைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிடும். ஃபோனில் வருடம் 2019 என்று இருந்தால், இன்றைய சான்றிதழின் காலம் இன்னும் தொடங்கவில்லை என்று அது நினைத்துக்கொள்ளும். ஆகவே அரபியில் முதல் வரி இதுதான்: ‘ஃபோனில் தேதி தவறாக இருக்கலாம், பார்த்துச் சரிசெய்வோம்.’ குறியீட்டை மாற்றாமல் அப்படியே விடவேண்டும். நாளை கடைக்காரர் கேட்டால் காட்ட அதுதான் உதவும்.

அடுத்து வழி சொல்ல வேண்டும். அவர் திரையில் பொத்தான்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் Settings, System, Date & time என்ற பெயர்களை அரபியாக்கினால் அவரால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஆங்கிலப் பெயரை வைத்து, பக்கத்தில் அரபிப் பொருளைத் தரலாம். ஆனால் Settings > System > Date & time என்று ஒரே வரியில் எழுதினால் வேறொரு சிக்கல் வரும். அரபி வலமிருந்து இடமாக ஓடும். நடுவில் வரும் ஆங்கிலத் துண்டு மட்டும் இடமிருந்து வலமாகவே நிற்கும். வலப்பக்கத்தில் தொடங்கிப் படிப்பவர் கண்ணில் கடைசிப் படி முதலில் படும். எனவே ஒரு வரிக்கு ஒரு படி, ஒரு வரிக்கு ஒரு பெயர் என்று பிரிப்பதே நல்லது. ‘அழுத்துங்கள்’ என்பதற்கு அரபியில் ஆணுக்கு ஒரு வடிவம், பெண்ணுக்கு ஒரு வடிவம். அம்மாவுக்கு எழுதும்போது பெண் வடிவமே வரவேண்டும்.

கடைசிப் படி, நேரம் தானாக அமையும் சுவிட்சை இயக்குவது. ஆங்கிலத் திரையில் அது வலப்பக்கம் இருக்கும். ஃபோனை அரபிக்கு மாற்றினால் திரை முழுவதும் கண்ணாடிபோலத் திரும்பி, சுவிட்ச் இடப்பக்கம் போய்விடும். அதனால் பக்கத்தைச் சொல்லாமல், படத்திலேயே வட்டம் போட்டுக் காட்டுவது பாதுகாப்பு. மெனுவின் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், அவருடைய Settings திரையின் படத்தையும் கேட்டு வாங்குவது அவசியம்.

பிறகு குரோமை மூடித் திறக்கச் சொல்லி, ஃபோன் காட்டும் வருடத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லலாம். தேதி சரியாகியும் ஒரே ஒரு தளத்தில் மட்டும் எச்சரிக்கை நீடித்தால், அந்தத் தளத்தின் சான்றிதழே காலாவதியாகியிருக்கலாம். அப்போது Advanced பொத்தானை அழுத்தி உள்ளே போகவேண்டாம், கடவுச்சொல்லோ வங்கி விவரமோ தரவேண்டாம் என்பதையும் அரபியில் தெளிவாக எழுதிவிட வேண்டும்.