வெளிச்சம் முகத்தில் விழட்டும்

பெரும்பாலான வீடுகளில் வாஷ்பேசின் கண்ணாடிக்கு மேலே ஒரு டியூப்லைட் இருக்கும். அறைக்கு அது போதும், முகத்துக்குப் போதாது. மேலிருந்து வரும் வெளிச்சத்தில் நெற்றியும் மூக்குத்தண்டும் பளிச்சென்று தெரியும். கண்குழி, மூக்கின் அடி, தாடைக்குக் கீழே எல்லாம் நிழல். சவரம் முடித்து வெயிலுக்கு வந்தபின் தாடையடியில் முடி மிஞ்சியிருப்பது தெரிவதற்கு இதுதான் காரணம். மேக்கப் போடுபவர்களோ, அந்த நிழலைக் கருவளையம் என்று நினைத்துக் கன்சீலரைக் கூடுதலாக அப்பிவிடுகிறார்கள்.

விளக்கு இருக்க வேண்டிய இடம் கண்ணாடியின் இரு பக்கமும்தான். ஒன்றரை அடி அகலக் கண்ணாடி என்று வைத்துக்கொள்வோம். இடமும் வலமும் இரண்டடி எல்.இ.டி. பேட்டன் ஒவ்வொன்றை நெட்டுக்குத்தாகப் பொருத்தி, அதன் நடுப்பகுதி கண் உயரத்தில் வரும்படி செய்யுங்கள். ஒரு பக்கத்து விளக்கு உண்டாக்கும் நிழலை மறுபக்கத்து விளக்கு அழித்துவிடும். நீளமான விளக்கு என்பதால் வீட்டில் உயரமானவர், குட்டையானவர் இருவருக்கும் பொருந்தும். பால்நிற மூடி அவசியம். மூடியில்லாத சிறு பல்பு கூர்மையான நிழலைத் தரும். சவரத்தின்போது வாஷ்பேசின் மேடையில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துவைத்தால், அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தாடையடிக்கும் எட்டும்.

அடுத்தது நிறம். விளக்குப் பெட்டியில் 3000, 4000, 6500 கெல்வின் என்று ஏதாவது அச்சிட்டிருக்கும். 3000 மஞ்சள், 6500 நீலம் கலந்த வெள்ளை. மஞ்சள் வெளிச்சத்தில் சரியாகப்பட்ட ஃபவுண்டேஷன், வெளியே போனதும் கழுத்தின் நிறத்தோடு ஒட்டாமல் தனித்துத் தெரியும். என் தேர்வு 4000. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 90 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். இரண்டு விளக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஒன்று பழுதாகி வேறு நிறத்தில் வாங்கி மாட்டினால், இரு கன்னமும் இரு நிறமாகிவிடும்.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதவர்கள் பகலில் ஜன்னலைப் பயன்படுத்தலாம். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கக் கூடாது; இருண்ட கன்னத்தில் கை தானாகவே அதிகம் பூசிவிடும். ஜன்னலை நேராகப் பார்த்து உட்கார்ந்து, கண்ணாடியை முன்னால் வையுங்கள். நேர்வெயில் அடித்தால் மெல்லிய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டலாம். வெளிச்சம் சரியா என்று அறிய மூக்கைப் பாருங்கள். அதன் நிழல் ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தால் இன்னும் சமமாகவில்லை.

கண்ணாடியிலிருந்து இரண்டடி தள்ளி நின்றால், பிம்பம் நான்கடி தூரத்தில் இருப்பதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். கிருதாவின் ஓரம், புருவம் போன்ற நுணுக்கமான வேலைக்கு மூன்று மடங்கு பெரிதாக்கும் சிறு கண்ணாடி உதவும். ஆனால் அதிலேயே முழு முகத்தையும் முடிக்காதீர்கள். ஒரு கன்னத்தை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பெரிய கண்ணாடியில்தான் நடக்கும்.