ஒரு பில், நான்கு தேதிகள்

சிறிய ஜவுளிக் கடை ஒன்றின் ஈ.பி. பில்லை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் 10 அன்று ரீடிங் எடுத்து, அன்றைய தேதியிலேயே பில் போட்டிருக்கிறார்கள். தொகை 11,800 ரூபாய். முந்தைய ரீடிங் பிப்ரவரி 10. பணம் கட்டக் கடைசி நாள் ஏப்ரல் 29. கணக்கர் இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதோ மே 5-ல்.

இதில் எந்தத் தேதியில் செலவு எழுதுவது?

மே 5 கண்டிப்பாக இல்லை. ஆனால் அவசரத்தில் அதுதான் விழுந்துவிடும். காரணம், பில்லைப் படித்துத் தானாகப் பதியும் மென்பொருள்கள் சிலவற்றில், தேதியை மாற்றாவிட்டால் பதிவு செய்யும் நாளே வவுச்சர் தேதியாக நின்றுவிடுகிறது. லாப நட்டக் கணக்கை மாதவாரியாகப் பார்த்தால் தவறு தெரிந்துவிடும்: பில் வர வேண்டிய மாதத்தில் மின்செலவு பூஜ்யமாக இருக்கும், அடுத்ததில் திடீரென்று ஏறியிருக்கும்.

செலவுக்கு உரியது பில் காலம். இந்த பில்லின் 59 நாளில் 49 நாள் மார்ச் 31-க்குள் அடங்குகிறது. நாளுக்கு 200 ரூபாய் வீதம் 9,800 ரூபாய் பழைய நிதியாண்டின் செலவு. கொடுபடவேண்டிய செலவாக மார்ச் 31 தேதியிட்டு எழுத வேண்டும். மிச்சம் 2,000 ரூபாய் புது ஆண்டுக்கு. நாள் கணக்கில் பிரிப்பது ஒரு மதிப்பீடுதான். வெயில் ஏறி ஏ.சி. கூடுதலாக ஓடிய ஏப்ரலுக்கும் அதே 200 ரூபாய்தான் விழுகிறது. மார்ச் 31 அன்று மீட்டரைப் பார்த்துக் குறித்துவைத்தால் கணக்கு இன்னும் துல்லியமாகும்.

மின்வாரியத்தின் பெயரில் 11,800 ரூபாய் வரவு வைப்பது பில் தேதியான ஏப்ரல் 10-ல். மார்ச்சில் காட்டிய 9,800 நிலுவையும் அன்றே நேராகிவிடும். இந்த இரண்டாவது பதிவை மறந்தால் ஒரே செலவு இரு ஆண்டிலும் ஏறிவிடும். நடைமுறையில் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான்.

கடைசி நாளான ஏப்ரல் 29-க்குப் பேரேட்டில் பதிவே கிடையாது. எப்போது பணம் புரட்ட வேண்டும், எந்த பாக்கி கெடு தாண்டியது என்று பார்க்க மட்டும் அதைக் குறித்துவைக்கிறார்கள். பணம் கட்டிய நாளில் வங்கிக் கணக்கில் தனிப் பதிவு வரும்.

இன்ஷூரன்ஸில் கதை தலைகீழ். பாலிசி காலம் பெரும்பாலும் பில் தேதிக்குப் பிறகுதான் தொடங்கும் என்பதால், அடுத்த ஆண்டுக்கு உரிய பங்கு முன்கூட்டிக் கொடுத்த செலவாக நிற்கும். பில் காலம் முன்னே போகிறதா பின்னே போகிறதா என்று பார்த்தாலே நிலுவையா முன்பணமா என்பது விளங்கிவிடும்.

ஜி.எஸ்.டி. உள்ள கொள்முதலில் பில் தேதியைத் தொலைக்கவே கூடாது. உள்ளீட்டு வரியை எடுப்பதற்கான நவம்பர் 30 கெடு, பொதுவாக அந்த பில் எந்த நிதியாண்டைச் சேர்ந்ததோ அதை வைத்தே வருகிறது. 03/04/2025 என்பதை மென்பொருள் மார்ச் 4 என்று படித்தால் ஆண்டே மாறிப்போகும். சந்தேகம் வந்தால் பில் தேதியோடு கடன் நாட்களைக் கூட்டிப் பார்க்கலாம். 30 நாள் கடனுக்குக் கெடு மே 3 என்று அச்சாகியிருந்தால், அது ஏப்ரல் 3 பில்தான்.