இடம் மாறிய வரிகள் ஏன் அழிந்ததாகத் தெரிகின்றன?

40 வரிச் செயற்கூறு ஒன்றுக்கு மேலே இருந்த 12 வரிச் செயற்கூறை அதற்குக் கீழே நகர்த்துகிறீர்கள். `git diff` காட்டுவதோ மேலே 12 சிவப்பு வரிகள், கீழே 12 பச்சை வரிகள். ஏன்?

டிஃப் பழைய கோப்பிலும் புதிய கோப்பிலும் ஒரே வரிசையில் வரும் பொதுவான வரிகளை இயன்றவரை அதிகமாகப் பொருத்தப் பார்க்கிறது. கிட் இயல்பாகப் பயன்படுத்துவது யூஜீன் மையர்ஸ் 1986இல் வெளியிட்ட முறையை. வரிசை குறுக்கிடக் கூடாது என்பதால் இரண்டு செயற்கூறுகளில் ஒன்றைத்தான் பொருத்த முடியும். பெரியது நிலைக்கிறது, சிறியது அழித்துச் சேர்த்ததாகிறது. நீங்கள் உண்மையில் 40 வரிகளை மேலே நகர்த்தியிருந்தாலும் இதே காட்சிதான்!

ஆபத்து இங்கேதான். நகர்த்தும்போது `i < n` என்பது `i <= n` ஆகியிருந்தால், 24 வரிகளுக்குள் அது கண்ணில் படாது. அதற்கு:

```
git diff --color-moved
```

இயல்பு அமைப்பில், அப்படியே நகர்ந்த வரிகள் மெஜந்தா, சியான் நிறங்களுக்கு மாறும். திருத்தப்பட்ட வரி மட்டும் வழக்கமான சிவப்பு, பச்சையில் தனித்து நிற்கும். முதலில் அதைப் படியுங்கள்.

உள்தள்ளல் மாறியிருந்தால் இந்தப் பொருத்தம் தவறும். `--color-moved-ws=allow-indentation-change` சேர்த்தால் கிடைக்கும். ஆனால் பைத்தானில் உள்தள்ளலே பொருளை மாற்றும். அங்கே நிறத்தை மட்டும் நம்பாமல் சுற்றியுள்ள வரிகளையும் பாருங்கள். 20 எழுத்து, எண்களுக்கும் குறைவான சிறு துண்டுகளைக் கிட் நகர்ந்ததாகக் கணக்கில் எடுப்பதில்லை.