மூக்கு புள்ளியாகலாம், மச்சம் நகரக்கூடாது

அனிமே முகத்தில் மூக்கு பெரும்பாலும் ஒரு சின்ன நிழல்தான். சில படங்களில் அதுவும் சுருங்கி வெறும் புள்ளியாக நிற்கும். உதடு ஒரே கோடு. அப்படியிருந்தும், செல்ஃபியிலிருந்து செய்த ஓர் அனிமே படத்தைப் பார்த்து வீட்டுக் குழந்தை “ஐ, நம்ம அத்தை!” என்று சொல்லிவிடும். இன்னொரு படம் பார்க்க அதைவிட அழகாக இருக்கும், யார் என்றுதான் தெரியாது. 2025 மார்ச்சில் சாட்ஜிபிடியின் புதிய பட வசதி வந்து ஊரே ஜிப்லி பாணிக்கு மாறிய நாட்களில், வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தவற்றில் இந்த இரண்டாம் வகைக்குக் குறைவில்லை.

அனிமே இப்படிக் கோடுகளைக் குறைத்ததற்குக் கலை ஒரு காரணம் என்றால், காசும் நேரமும் அதைவிடப் பெரிய காரணம். 1963-இல் ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ ஜப்பான் தொலைக்காட்சியில் வாராவாரம் வரத் தொடங்கியது. ஒரே முகத்தைக் கையால் திரும்பத் திரும்ப வரைய வேண்டும். முகத்தில் ஒரு கோடு கூடினால் அத்தனை தாளிலும் அந்தக் கோடு கூடும். அதனால் மூக்கு சுருங்கியது. தோலுக்கு அடிநிறம் ஒன்று, நிழல்நிறம் ஒன்று என்று முடிந்தது. ஆளை அடையாளம் காட்டும் பொறுப்பு தலைமுடிக்கும் உடைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரே தொடரில் வரும் பெண்களின் முடியை அழித்துவிட்டுப் பாருங்கள், யார் யார் என்று சொல்லத் திணறுவீர்கள்.

நம் செல்ஃபிக்கு இதுதான் சிக்கல். இந்தப் பாணிக்கே எல்லா முகத்தையும் ஒன்றாக்கும் குணம் உண்டு. எதை விடக்கூடாது என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். சுருட்டை முடி, பக்க வகிடு, அடர்ந்த புருவம், வட்டக் கண்ணாடி, மேலுதட்டுக்கு மேலே இடப்பக்கம் ஒரு மச்சம், வலது மூக்கில் மூக்குத்தி, நல்ல மாநிறம். ஓர் ஆப்பில் செல்ஃபியை ஏற்றி, அனிமே ஆக்கு என்று மட்டும் சொன்னார். வந்த படத்தில் முடி வழவழவென்று தொங்கியது. நிறம் வெளுத்துவிட்டது. மோவாய் கூர்மையாகிவிட்டது. மச்சத்தைத் தழும்பென்று நினைத்துத் துடைத்தாற்போல் இருந்தது. மூக்குத்தி இடது மூக்குக்குத் தாவியிருந்தது.

கடைசியாகச் சொன்னதில் மட்டும் ஆப்பின் மேல் குற்றமில்லை. முன்பக்கக் கேமரா நம்மைக் கண்ணாடியில் காட்டுவதுபோலக் காட்டும். சில போன்கள் அப்படியே சேமித்தும் வைக்கும். வகிடும் மச்சமும் மூக்குத்தியும் பக்கம் மாறிப் போவது அங்கேதான். சட்டையில் எழுத்து இருந்தால் அது திரும்பித் தெரிகிறதா என்று பார்த்தாலே போதும். திரும்பியிருந்தால் முதலில் படத்தைப் புரட்டிவிட வேண்டும். மற்றபடி முடியும் நிறமும் மோவாயும் மாறியதற்குக் காரணம், கருவி தான் பழகிய ஆயிரக்கணக்கான அனிமே முகங்களின் நடுவாந்தரத்துக்கு இவரையும் இழுத்துக்கொண்டு போனதுதான்.

இரண்டாம் முறை அவர் எழுதிக் கொடுத்தது ஏறக்குறைய இப்படி: “கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, கண்ணின் வெளி ஓரச் சாய்வு, புருவத்தின் தடிமனும் வளைவும், நெற்றியில் முடி தொடங்கும் கோடு, வகிடு, சுருட்டை, தாடையின் விளிம்பு, வாயின் அகலம், தோல் நிறம், மச்சம், மூக்குத்தி, கண்ணாடிச் சட்டம் ஆகியவை படத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். மூக்கு, உதட்டுத் தடிமன், தோலின் சொரசொரப்பு, காதின் உள்மடிப்பு, தனித்தனி முடியிழை ஆகியவற்றை எளிமையாக்கலாம்.” கண்ணைப் பற்றி ஒரு வரி தனியாகச் சேர்த்தார்: உயரத்தில் பெரிதாகலாம், இருக்கும் இடம் மாறக்கூடாது.

அந்த வரிதான் முக்கியம். அனிமே என்றால் பெரிய கண் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை மேலும் கீழுமாகத் திறந்தால் ஆள் மாறுவதில்லை. பக்கவாட்டில் இழுத்து, இரு கண்ணுக்கும் நடுவே உள்ள இடத்தைத் தின்றுவிட்டால் வேறு ஆள் ஆகிவிடுவார். புருவமும் அப்படித்தான். முகத்தில் பளிச்சென்று தெரியும் கறுப்புப் பட்டை அது. அதை மெல்லிய வளைகோடாக மாற்றினால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் படம் ஒட்டாது.

மூக்கை மட்டும் ஏன் தைரியமாக விடலாம்? நேராகப் பார்க்கும் முகத்தில் மூக்குக்கு விளிம்பு என்று எதுவும் பெரிதாகக் கிடையாது, ஒளியும் நிழலும்தான் உண்டு. கோட்டால் வரையும் பாணிக்கு விளிம்பு வேண்டும். நாசித் துளையின் அடிநிழல் ஒன்றுதான் கைக்குச் சிக்குகிறது, அதையே வைத்துக்கொள்கிறது. உதட்டிலும் இரண்டு உதடும் சேரும் இருண்ட கோடுதான் உண்மையான கோடு. ஆனால் சிலருக்குக் கழுகு மூக்குதான் அடையாளம். அவர்கள் நேர்முகச் செல்ஃபியைக் கொடுக்கக்கூடாது. முகத்தைச் சற்றுத் திருப்பி எடுத்தால் மூக்கின் மேடு விளிம்பாகிவிடும், கோட்டுக்குள் வந்துவிடும்.

சுருக்கத்தில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். புகைப்படத்தில் சிரிக்கும்போது கன்னத்தில் விழும் மெல்லிய மடிப்பு, கோட்டுச் சித்திரத்தில் கண் இமைக் கோட்டுக்குச் சமமான கறுப்பாக வந்துவிடும். நாற்பது வயதுக்காரர் அறுபதைத் தாண்டித் தெரிவார். பாட்டியின் படம் என்றால் எல்லாச் சுருக்கத்தையும் அழித்தாலும் தப்பு, எல்லாவற்றையும் வரைந்தாலும் தப்பு. மூக்கோரத்திலிருந்து வாய் ஓரத்துக்கு இறங்கும் மடிப்பையும் கண்ணோரத்தில் ஒரு கோட்டையும் வைத்தால் வயது வந்துவிடும். சிரிக்கும் படத்தில் பல்லைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டாம், ஒரே வெள்ளைப் பட்டையாக விட்டுவிடலாம்.

கொடுக்கும் செல்ஃபியே முகத்தைக் கெடுத்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கேமரா பக்கத்தில் இருந்தால் மூக்கு முன்னே வந்து பெரிதாகும், காதுகள் பின்னே ஒடுங்கும். 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 12 அங்குலத் தூரத்தில் எடுக்கும் படத்தில் மூக்கின் அகலம், 5 அடித் தூரத்தில் எடுத்ததைவிடச் சுமார் 30 சதவீதம் கூடித் தெரியும் என்று கணக்கிட்டது. அனிமேயில் மூக்கு எப்படியும் சுருங்கிவிடும், ஆனால் நடுமுகம் புடைத்த அந்த அமைப்பு தாடையிலும் கன்னத்திலும் தங்கிவிடும். அதனால் யாரிடமாவது போனைக் கொடுத்து, நாலைந்து அடி தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவில் எடுக்கச் சொல்வது நல்லது. செல்ஃபி என்ற பெயர் போனாலும் முகம் மிஞ்சும்.

கணினியில் Stable Diffusion வைத்துச் செய்பவர்களுக்கு `Denoising strength` என்று ஓர் எண் இருக்கும். 0-க்கு அருகில் வைத்தால் புகைப்படத்தின் மேல் லேசாகச் சாயம் பூசியதுபோல நிற்கும், 1-ஐ நெருங்கினால் செல்ஃபி பேருக்குத்தான். 0.5-ஐ ஒட்டித் தொடங்கி, கண் அனிமேயாக மாறும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது என் வழக்கம்.

வந்த படம் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அனிமே படத்தைப் பாதி ஒளிபுகும்படி வைத்து, செல்ஃபியின் மேல் ஏற்றி, இரண்டு கருவிழிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி அளவைச் சரிசெய்யுங்கள். பிறகு முடிக்கோடு, புருவம், வாய்க்கோடு, மோவாய் நுனி நான்கையும் பாருங்கள். ஆசிரியையின் முதல் படத்தில் மோவாய் நுனி நன்றாக மேலே ஏறியிருந்தது. ‘என்னவோ சரியில்லை’ என்று அவருக்குப் பட்டதன் காரணம் அதுதான். நிறத்தைக் கண்ணால் முடிவு செய்யாமல், கன்னத்தில் ஒரே இடத்தை இரண்டு படத்திலும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெளுத்தது உடனே தெரிந்துவிடும்.

டி.பி.யாக வைப்பதென்றால் இன்னும் ஒரு திருத்தம் உண்டு. அந்தச் சின்ன வட்டத்துக்குள் உள்ளபடி வரைந்த மச்சம் காணாமல் போகும். அதன் இடத்தை அசைக்காமல், அளவை மட்டும் இருமடங்காக்கிக்கொள்ளலாம்.