அண்ணாச்சிக்கு ஒரு கடிதம்

விருதுநகரின் பருப்பு மொத்த வியாபாரி ஒருவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவரிடம் சரக்கு எடுக்கும் மளிகைக்கடை இளைஞர் நேரில் அவரை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார். வந்த பத்து மூட்டைத் துவரம்பருப்பில் இரண்டு மூட்டை எடை குறைகிறது. ஃபோனில் சொன்னால் மறந்துபோகும், கணக்கில் ஏறாது. கடிதம்தான் எழுத வேண்டும். எப்படி எழுதுவது?

பள்ளியில் படித்த 'அனுப்புநர், பெறுநர், பொருள்' வடிவமே கைக்கு முதலில் வரும். முகவரிக்கு அது போதும். ஆனால் 'ஐயா' என்று தொடங்கினால், நேற்றுவரை அண்ணாச்சி என்றவன் இன்று விலகி நிற்பதுபோல் தோன்றும். 'மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு, வணக்கம்' என்று எழுதினால் மரியாதையும் இருக்கும், உறவும் இருக்கும். உறையின் மேல் மட்டும் அவருடைய சிட்டையில் அச்சாகியிருக்கும் பெயரை அப்படியே எழுதி, முன்னால் 'திரு.', பின்னால் 'அவர்கள்' சேர்க்கலாம்.

சிக்கல் நடுவில்தான். பலர் இப்படி எழுதிவிடுவார்கள்: 'நீங்கள் எடை குறைத்து அனுப்பியுள்ளீர்கள். உடனே பணத்தைத் திருப்பித் தரவும்.' முதல் வாக்கியம் பெரியவரைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவதில் வரும் 'தரவும்' அலுவலக அறிவிப்பின் குரல். மூத்தவர் காதுக்கு அது கட்டளை. மேலே எத்தனை 'மதிப்பிற்குரிய' போட்டாலும் இந்த வினை அதைக் கெடுத்துவிடும்.

அதையே இப்படி மாற்றலாம்:

'கடந்த 12ஆம் தேதி தங்கள் சிட்டைப்படி வந்த பத்து மூட்டைகளில் இரண்டு மட்டும் எடை சற்றுக் குறைவாக இருந்தன. 50 கிலோ இருக்க வேண்டியதில், சாக்கு நீக்கி ஒன்று 48 கிலோவும், மற்றது 48.5 கிலோவும் நின்றன. குறைவு 3.5 கிலோ. கிலோ 120 ரூபாய் வீதம் 420 ரூபாய் வருகிறது. தாங்கள் பார்த்து, இத்தொகையை என் கணக்கில் வரவு வைக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.'

எடை 'குறைவாக இருந்தன' என்றதும் குறைத்தவர் யார் என்ற பேச்சே எழவில்லை. ஏற்றும் இடத்தில் நடந்ததா, வழியில் சாக்கு கிழிந்ததா என்று அவரே விசாரிக்க இடம் கிடைக்கிறது. 'வரவு வைக்க' என்பது கடைக்காரர் மொழி. ரொக்கமாகத் திருப்பிக் கேட்பதைவிட, அடுத்த கொள்முதலில் கழித்துக்கொள்வது இரு தரப்புக்கும் எளிது.

'தாங்கள்' என்று தொடங்கினால் கடைசிவரை 'தங்கள்' என்றே போக வேண்டும். நடுவில் 'உங்கள்' நுழைந்தால் தடுமாற்றம் தெரியும். 'தாங்கள் அனுப்பினார்கள்' என்று எழுதுவதும் பிழை. 'அனுப்பினீர்கள்' என்பதே சரி. முடிவில் 'தங்கள் உண்மையுள்ள' என்பது மனுவின் வாசகம். 'இப்படிக்கு, தங்கள் அன்புள்ள' என்று எழுதி, பெயரும் கடை ஊரும் போட்டால் போதும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது: அந்தச் 'சாக்கு நீக்கி'. அது இல்லாவிட்டால், கடிதத்தைப் படித்ததும் அண்ணாச்சி கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.